தண்ணீர் நேர அறிவிப்பு: எச்சரிக்கையைத் தகவலாக மாற்றி எழுதுதல்

கேள்வி: கோவையில் எங்கள் நகரில் மூன்று தெருக்கள், 64 வீடுகள். மாநகராட்சிக் குடிநீர் தனியாக வருகிறது. புழக்கத்துக்குச் சங்கத்தின் போர் தண்ணீர்தான். மார்ச் முதல் அதன் நேரத்தைக் குறைக்கிறோம். கீழே உள்ளதைப் பலகையில் ஒட்டியதும் பெரியவர்கள் சிலர் மனம் வருந்தினார்கள். இளைஞர்கள் வாட்ஸ்அப் குழுவில் கிண்டல் செய்தார்கள். எல்லா வயதினருக்கும் மரியாதையாகப் படும்படி இதை எப்படித் திருத்தலாம்?

"அனைத்துக் குடியிருப்பாளர்களுக்கும் எச்சரிக்கை!! 1ஆம் தேதி முதல் தண்ணீர் காலை 6-7.30, மாலை 5-6 மட்டுமே விடப்படும். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போர் தண்ணீர். மோட்டார் வைத்து உறிஞ்சுபவர்களின் இணைப்பு துண்டிக்கப்படும். தொட்டி நிரம்பி வழிந்தால் அபராதம். பலமுறை சொல்லியும் சிலர் திருந்துவதில்லை. நேரம் தவறினால் சங்கம் பொறுப்பல்ல. – செயலாளர்"

பதில்:

ஆறு ஆண்டுகள் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருந்து இதுபோன்ற அறிவிப்புகளை எழுதி, அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வாங்கிக்கட்டிக்கொண்டவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிவிப்பில் 'எச்சரிக்கை', 'திருந்துவதில்லை' என்ற சொற்களை எடுத்துவிட்டு 'தயவுசெய்து' என்பதை நான்கு இடத்தில் சேர்த்தாலும் அது மரியாதையாகிவிடாது. ஏனெனில் படிப்பவருக்குத் தேவையான செய்தி அதில் முழுமையாக இல்லை. எழுபது வயதுக்காரர் ஒருவர் காலை ஐந்தரைக்கு எழுந்து குழாயடியில் நின்று, அன்று தண்ணீர் வராத நாள் என்பதை ஏழு மணிக்கு அறிந்துகொள்வாரானால், அறிவிப்பின் நடை எவ்வளவு பணிவாக இருந்திருந்தாலும் அவருக்கு அது அவமதிப்புதான். ஆகவே செய்தியை முதலில் சரிசெய்வோம். நடையைப் பிறகு பார்ப்போம்.

உங்கள் முதல் வரியில் 'தண்ணீர்' என்று மட்டும் இருக்கிறது. அடுத்த வரியில் 'போர் தண்ணீர்' வருகிறது. இரண்டும் ஒன்றா, வேறு வேறா என்பது எழுதிய உங்களுக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. முதல் வரி குடிநீரைப் பற்றியது, இரண்டாவது வரி போர் தண்ணீரைப் பற்றியது என்று ஒரு வீட்டில் புரிந்துகொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டில் நேர்மாறாக. கோவையில் இதற்குத் தெளிவான பேச்சுச் சொற்கள் இருக்கின்றன. மாநகராட்சியிலிருந்து வருவது 'நல்ல தண்ணீர்'. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது 'உப்புத் தண்ணீர்'. 'நிலத்தடி நீர் விநியோகம்' என்று எழுதினால் இளைஞர்கள்கூட ஒரு கணம் நின்றுதான் படிப்பார்கள்; 'போர் தண்ணீர் (உப்புத் தண்ணீர்)' என்று எழுதினால் எட்டு வயதுப் பிள்ளை பாட்டிக்குப் படித்துச் சொன்னாலும் புரியும். நல்ல தண்ணீரின் நேரம் சங்கத்தின் கையில் இல்லை என்பதால், அது இந்த அறிவிப்பால் மாறவில்லை என்ற ஒரு வரியையும் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய அன்று மாலையே உங்களுக்கு இருபது தொலைபேசி அழைப்புகள் வரும்.

அடுத்தது நாள். 'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்பது பேச்சில் எளிது; பலகையில் அதுதான் அதிகச் சண்டையைக் கொண்டுவருகிறது. முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிறகு யாராவது ஊருக்குப் போய்விட்டு வந்தால், இன்று வருமா நாளை வருமா என்பது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித்தான் தெரிய வேண்டும். எனவே பலரும் தாமாகவே ஒற்றைப்படைத் தேதி என்று மனத்தில் வைத்துக்கொள்வார்கள். மார்ச் 1இல் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் என்று போனால் 29, 31 வரை கணக்கு ஒத்துப்போகும். அதன்பின் முறைப்படி ஏப்ரல் 2 அன்றுதான் தண்ணீர் வர வேண்டும். ஒற்றைப்படை என்று நினைத்திருந்தவர் ஏப்ரல் 1 அன்று காலையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். கிழமை வைத்துச் சொல்லலாம் என்றால் வாரத்துக்கு ஏழு நாள். அதுவும் ஒற்றைப்படை எண் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது அதற்குள் அடங்காது.

என் பரிந்துரை, ஒற்றைப்படைத் தேதிகள் என்று அறிவித்துவிட்டு, 31ஆம் தேதிக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்வது. 30 நாள் மாதத்தில் 29க்கும் 1க்கும் நடுவில் ஒருநாள் இடைவெளி தானாகவே வந்துவிடும். 28 நாள் பிப்ரவரியிலும் 27க்குப் பின் 1 சரியாக வரும். 31 நாள் மாதத்திலோ 31உம் 1உம் அடுத்தடுத்து வந்து, போருக்கு ஓய்வில்லாமல் போகும். 31 அன்று காலையில் மட்டும் தண்ணீர், மாலையில் இல்லை என்று வைத்துக்கொண்டால் அடுத்த நாள் காலை வரை நீர்மட்டம் ஏறுவதற்கு அவகாசம் கிடைக்கும். உங்கள் போரின் ஊற்றைப் பொறுத்து மோட்டார் இயக்குபவர் வேறு யோசனை சொல்லக்கூடும். அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எப்படி முடிவு செய்தாலும் அந்த விதிவிலக்கை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். அதோடு '1ஆம் தேதி முதல்' என்று மட்டும் எழுதாமல் மாதம், ஆண்டு, கிழமை மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். நாள்காட்டியைக் கிழிக்கும் பழக்கமுள்ள பல பெரியவர்களுக்குத் தமிழ் மாதப் பிறப்பும் ஒன்றாம் தேதிதான். அதேபோல் பலகையில் 'இன்று', 'நாளை' என்ற சொற்களே வரக்கூடாது. தாள் இரண்டு மாதம் தொங்கும், 'நாளை' என்பது எந்த நாளின் நாளை என்று யாருக்கும் தெரியாது.

நேரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. காலை 6 மணி என்பது வால்வைத் திறக்கும் நேரம். முதல் தெருவில் உடனே வரும். மூன்றாம் தெருவின் கடைசி வீட்டுக்கு வந்து சேரக் கால் மணி, இருபது நிமிடம் ஆகலாம். அந்த வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் 6 மணிக்குக் குழாயைத் திறந்து, காற்று மட்டும் சீறி வருவதைக் கேட்டுவிட்டுச் சங்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் காலை நீங்களே அந்தக் கடைசி வீட்டில் போய் நில்லுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள். 15 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பாருங்கள். ஒன்றரை நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர் வருகிறது என்று பொருள். 6.20க்கு வந்து 7.30க்கு நின்றால் 70 நிமிடத்தில் 700 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பாது. அப்படியானால் அந்தத் தெருவுக்கு நேரத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும், அல்லது மாலைத் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்தால்தான் தொட்டி நிறையும் என்று சொல்லிவிட வேண்டும். தெருவாரியாக வந்து சேரும் நேரத்தை எழுதுவது இரண்டே வரிகள்தான். ஆனால் கடைசி வீட்டுக்காரரையும் நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் சொல் தமிழில் இல்லை.

இனி நடைக்கு வருவோம். தமிழில் ஒரு வேண்டுகோளின் தொனி, பெரும்பாலும் வினைச்சொல்லின் கடைசி எழுத்துகளில் இருக்கிறது. 'குழாயை மூடவும்' என்பதில் சொல்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை; ரயில் நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் அது பொருந்தும். ஒருமுறை வந்தால் தவறில்லை. ஐந்து வரியும் 'வும், வும்' என்று முடிந்தால் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் ஆகிவிடும். 'மூடக்கூடாது', 'திறக்கக்கூடாது' என்பவை விதி. 'வேண்டாம்' அதைவிட மென்மை. 'மூடுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்பது பணிவானது, ஆனால் கனமானது. ஓர் அறிவிப்பில் ஒரே ஓர் இடத்தில், மிக முக்கியமான வேண்டுகோளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களில் 'மூடிவிடுங்கள்', 'திறந்து வைத்துக்கொள்ளுங்கள்' என்ற நேரடியான மரியாதைப் பன்மையே போதும். வீட்டுக்கு வந்த பெரியவரிடம் நாம் பேசுவதும் அப்படித்தான். 'பிடித்துக்கொள்ளலாம்' என்ற 'லாம்' இன்னும் நல்லது. கட்டுப்பாட்டையே வசதியாகச் சொல்லிவிடுகிறது. "காலை 6 முதல் 7.30 வரை மட்டுமே விடப்படும்" என்பதும் "காலை 6 முதல் 7.30 வரை தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்" என்பதும் ஒரே ஒன்றரை மணி நேரத்தைத்தான் சொல்கின்றன. முதலாவதில் கதவு சாத்தப்படுகிறது.

'விடப்படும்' என்ற சொல்லையும் கவனியுங்கள். சங்கம் மேலே இருந்து தண்ணீரை விடுகிறது, மற்றவர்கள் கீழே நின்று பெற்றுக்கொள்கிறார்கள் என்ற தோற்றம் அதில் இருக்கிறது. பேச்சில் நாம் 'தண்ணி எப்ப வரும்?' என்றுதான் கேட்கிறோம். எழுத்திலும் 'வரும்' என்றே இருக்கட்டும். மாதச் சந்தா கொடுத்து அந்த மோட்டாரை ஓட்டவைப்பவர்களே படிக்கப்போகிறார்கள்.

நாம், நாங்கள் என்ற வேறுபாடு இங்கே நன்றாக உதவும். தண்ணீர், போர், தெரு, தொட்டி எல்லாம் 'நம்'முடையவை. நேரம் மாறியதைச் சொல்லத் தவறியதுபோன்ற குறைகள் 'எங்கள்' பொறுப்பு. பலர் இதைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். 'எங்கள் சங்கத்தின் போர்' என்று உரிமை கொண்டாடிவிட்டு, 'நாம் அனைவரும் சிக்கனமாக இருப்போம்' என்று அறிவுரை சொல்லும்போது 'நாம்' என்பதற்கு மாறுவார்கள். அறுபதைக் கடந்தவருக்கு அந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லை. குடம் தூக்கித் தெருக்குழாயில் நின்ற காலத்தை அவர் பார்த்தவர்.

விளிப்பில் 'பெரியோர்களே, தாய்மார்களே' வேண்டாம், அது மேடை. 'இல்லத்தரசிகள் கவனத்திற்கு' என்பதும் வேண்டாம். தண்ணீர் பிடிப்பது வீட்டில் இருக்கும் யாருடைய வேலையாகவும் இருக்கலாம். 'பொதுமக்களுக்கு' என்பது அடுத்த வீட்டுக்காரரை அந்நியராக்குகிறது. 'நம் நகரில் குடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்' என்றால் வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர், பெரியவர், பிள்ளைகள் எல்லோரும் அதில் வந்துவிடுகிறார்கள். மறுபக்கம், 'தங்கள் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன்' என்று தொடங்கினால் மனு எழுதியதுபோல் இருக்கும். அதைத்தான் உங்கள் இளைஞர்கள் அடுத்த முறை கிண்டல் செய்வார்கள்.

இப்போது கடினமான பகுதி: மோட்டார், வழியும் தொட்டி, திருந்தாத சிலர். மரியாதைக்காக விதியைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் மூன்று வீடுகள் செய்யும் தவறுக்கு 64 வீடுகளையும் கடிந்துகொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தவறு செய்யாத 61 வீட்டுக்காரர்கள் புண்படுவார்கள்; செய்கிற மூவர், அது வேறு யாருக்கோ என்று கடந்துபோவார்கள். எங்கள் சங்கத்தில் ஒருமுறை 'சிலர்' என்று நான் எழுதிய வரியைப் படித்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாக்காத மூத்த ஆசிரியை ஒருவர், தன்னைத்தான் குறிப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்து இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. உண்மையில் நான் குறிப்பிட்ட நபர், நன்றாக எழுதியிருப்பதாக என்னைப் பாராட்டினார்.

ஆகவே பலகையில் காரணத்தை எழுதுங்கள், கண்டனத்தை நேரில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் தெளிவானது: ஒரு வீட்டில் பொதுக் குழாயில் நேரடியாக மோட்டாரை இணைத்து இழுத்தால் வரிசையில் அதற்கு அடுத்துள்ள வீடுகளுக்கு அழுத்தம் விழுந்துவிடும், அதோடு, குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் வெளியே தேங்கியுள்ள அழுக்கு நீரும் அந்த உறிஞ்சலில் உள்ளே வரக்கூடும். இது இளைஞருக்கும் பெரியவருக்கும் ஒரே வாக்கியத்தில் புரியும். 'இணைப்பு துண்டிக்கப்படும்' என்பதை எழுதுவதற்கு முன் உங்கள் சங்கத்தின் துணைவிதியைப் பாருங்கள். சங்கத்தின் போர் குழாயைப் பற்றி அதில் என்ன முடிவாகியிருக்கிறதோ அதை மட்டுமே எழுத முடியும். மாநகராட்சி இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. நடத்திக்காட்ட முடியாத மிரட்டலை முதல் மாதமே எல்லோரும் கண்டுகொள்வார்கள். துணைவிதியில் அபராதம் உண்டென்றால் அதை மறைக்காமல் 'பொதுக்குழு முடிவின்படி' என்ற சொற்களோடு அமைதியாக எழுதுங்கள். கீழேயுள்ள மாதிரியில் நான் அதைச் சேர்க்கவில்லை.

தொட்டி வழிவதற்குக் காரணம் பெரும்பாலும் அலட்சியம் இல்லை. காலை ஏழு மணிக்கு ஒருவர் அலுவலகத்துக்குக் கிளம்புகிறார். இன்னொருவருக்கு மாடிப்படி ஏற முழங்கால் இடம்கொடுக்கவில்லை. தொட்டி நிரம்பியதும் தானே மூடிக்கொள்ளும் மிதவை வால்வைப் பொருத்தினால் இருவருக்கும் தீர்ந்துவிடும். அதைப் பொருத்த ஆள் ஏற்பாடு செய்துதர முடியுமானால் அபராத வரியின் இடத்தில் அந்த உதவியை எழுதுங்கள். அப்போதும் 'முதியோருக்கு உதவி' என்று பெயரிட வேண்டாம். உதவி தேவைப்படும் பெரியவர் அந்தத் தலைப்பின் கீழ் வந்து நிற்கத் தயங்குவார். 'யாருக்கு வேண்டுமானாலும்' என்றால் கூச்சமின்றிக் கேட்பார். பிரசவம் முடிந்து வந்த பெண்ணும், கை முறிந்த இளைஞரும் கேட்கலாம்.

'சங்கம் பொறுப்பல்ல' என்பதை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில், நேரம் மாறினால் எப்படித் தெரியப்படுத்துவீர்கள் என்பதை எழுதுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை அறிவிக்கப்படும் நாளில், பகலில் மோட்டார் ஓடிச் சங்கத்தின் தொட்டி நிரம்பாததால் மாலைத் தண்ணீர் 5 மணிக்கு வராது. இது முன்கூட்டியே தெரிந்த விஷயம், முன்கூட்டியே சொல்லிவிடலாம். மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடினால்தான் தொட்டி நிரம்பும் என்ற கணக்கில் 7 மணி என்று வைத்திருக்கிறேன். உங்கள் மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் பலகைக்கான அறிவிப்பு இப்படி அமையும்:

போர் தண்ணீர் (உப்புத் தண்ணீர்) வரும் நேரம்
2026 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை முதல்

நம் நகரில் குடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

கோடையில் நம் போரின் நீர்மட்டம் இறங்கிவருவதால் மோட்டாருக்கு இடையில் ஒருநாள் ஓய்வு தேவைப்படுகிறது. ஆகவே மார்ச் 1 முதல் ஒற்றைப்படைத் தேதிகளில் (1, 3, 5, 7 …) போர் தண்ணீர் வரும்.

காலை 6 மணி முதல் 7.30 மணி வரை
மாலை 5 மணி முதல் 6 மணி வரை

இரண்டாம் தெருவுக்குத் தண்ணீர் வந்து சேர 10 நிமிடமும், மூன்றாம் தெருக் கடைசி வீடுகளுக்கு 20 நிமிடமும் ஆகலாம். மூன்றாம் தெருவுக்கு மட்டும் காலையில் 7.50 வரை தண்ணீர் வரும்.

31ஆம் தேதி காலையில் மட்டும் வரும். மின்தடை அறிவிக்கப்பட்ட நாள்களில் மாலைத் தண்ணீர் 7 மணிக்கு வரும். வேறு மாற்றம் இருந்தால் முதல்நாள் மாலை இந்தப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் தெரிவிப்போம்.

நல்ல தண்ணீர் (மாநகராட்சிக் குடிநீர்) வரும் முறையில் மாற்றம் இல்லை.

பொதுக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுத்தால் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. விரிசல் வழியாக அழுக்கு நீர் கலக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே குழாயில் மோட்டார் இணைப்பதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தரைத்தொட்டியில் பிடித்து, அங்கிருந்து மேல் தொட்டிக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

தொட்டி நிரம்பியதும் குழாயை மூடிவிடுங்கள். தானே மூடிக்கொள்ளும் மிதவை வால்வு பொருத்தவோ, வால்வைத் திறந்து மூடவோ உதவி தேவைப்பட்டால், யாராக இருந்தாலும் எங்களை அழைக்கலாம்.

கடந்த முறை நேரம் மாறியதை முன்கூட்டியே சொல்லத் தவறிவிட்டோம், அதற்காக வருந்துகிறோம்.

அன்புடன்,
செயலாளர் (பெயர், வீட்டு எண்)
அழைக்க: (தொலைபேசி எண்), காலை 7 முதல் இரவு 8 வரை

கடைசியில் உள்ள வருத்த வரி உங்களுக்குப் பொருந்தினால் மட்டும் இருக்கட்டும். எந்தத் தவறும் நடக்காதபோது 'அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்' என்று எழுதுவது வெறும் அச்சு வாசகம். நடந்த ஒரு தவறைச் சுட்டி வருந்தினால்தான் அது வருத்தம். அதேபோல் 'செயலாளர்' என்று பதவியை மட்டும் போடாமல் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதுவது, தொலைபேசியில் பேசத் தயங்கும் பெரியவர் ஒருவர் மாலை நடைக்கு வரும்போது உங்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவதற்காக.

தாள் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. தேதியும் நேரமும் உள்ள வரிகளை மற்றவற்றைவிடப் பெரிதாக, தடித்த எழுத்தில் வையுங்கள். மற்றவை 20 புள்ளிக்குக் குறைய வேண்டாம், ஒரே பக்கத்தில் அடங்காவிட்டால் ஏ3 தாளுக்குப் போங்கள். சிவப்பும் வியப்புக்குறிகளும் வேண்டாம். தமிழ் எழுத்தில் கத்துவதற்கு அவை இரண்டும்தான் வழி, உங்கள் முதல் வரியிலேயே வியப்புக்குறி இரண்டு இருக்கிறது. '6-7.30' என்று கோடு போட்டு எழுதுவதைவிட 'முதல்', 'வரை' என்ற சொற்கள் நல்லவை. ஒருவர் மற்றவருக்குப் படித்துக்காட்டும்போது கோடு காதில் விழாது. ஒட்டிய பிறகு, மாலை வெளிச்சத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டடி தள்ளி நின்று நீங்களே படித்துப்பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பலகையைப் படமெடுத்துப் போடுவது வழக்கம். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் பெரியவர்களுக்குப் படம் உதவாது. விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எழுத்தாகவே போடுங்கள். கணினியில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். இளைஞர்கள் நீண்ட செய்தியைத் திறப்பதில்லை என்பதால் அங்கே சுருக்கம் போதும்:

"வணக்கம். மார்ச் 1 ஞாயிறு முதல் போர் தண்ணீர் ஒற்றைப்படைத் தேதிகளில் வரும்: காலை 6–7.30 (மூன்றாம் தெருவுக்கு 7.50 வரை), மாலை 5–6. 31ஆம் தேதி காலை மட்டும். நல்ல தண்ணீரில் மாற்றம் இல்லை. வீட்டில் குழுவில் இல்லாத பெரியவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். முழு விவரம் பலகையில்."

இரண்டு எண்களுக்கு நடுவில் கோட்டை இங்கே நானே போட்டிருக்கிறேன். திரையில் கண்ணால் மட்டும் படிப்பதால் இது தாங்கும். கிண்டல் செய்த இளைஞர்களில் ஒருவரிடம் ஒட்டுவதற்கு முன் வரைவைக் காட்டி, எங்கே சிரிப்பு வருகிறது என்று கேட்டுவிடுங்கள். ஒரு பெரியவரிடமும் கொடுத்து, எந்த நாளில் எத்தனை மணிக்குக் குழாயைத் திறப்பீர்கள் என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் இருவருமே இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

படிக்க இயலாதவர்களுக்காக ஒரு குரல் செய்தியும் அனுப்புவது நல்லது. அதில் மேலே உள்ள எழுத்துத் தமிழை அப்படியே வாசித்தால் வானொலிச் செய்திபோல் விறைப்பாக இருக்கும். பேச்சுத் தமிழில், உங்கள் ஊர் மரியாதையோடு சொல்லுங்கள்:

"வணக்கமுங்க. மார்ச் ஒண்ணாம் தேதி ஞாயித்துக்கிழமையில இருந்து உப்புத் தண்ணி ஒத்தப்படைத் தேதியில வருமுங்க. காலையில ஆறு மணியில இருந்து ஏழரை வரைக்கும், சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும். மூணாவது தெருவுக்கு இருவது நிமிஷம் பிந்தி வரும், அதனால காலையில ஏழு அம்பது வரைக்கும் இருக்கும்ங்க. முப்பத்தொண்ணாம் தேதி மட்டும் காலையில மட்டுந்தானுங்க. நல்ல தண்ணி எப்பவும் போலத்தானுங்க. ஏதாவது உதவி வேணும்னா கூப்பிடுங்க."

மோட்டார் வைத்து இழுக்கும் அந்த வீடுகளுக்கு இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு, தண்ணீர் வராத நாளில் மாலையில் போங்கள். தண்ணீர் வரும் நேரத்தில் போனால் கையும் களவுமாகப் பிடிக்க வந்ததாக ஆகிவிடும். 'உங்க மோட்டார்' என்று தொடங்காமல், 'மூணாவது தெருக் கடைசி வீட்டுக்கு ஏழு மணி வரைக்கும் தண்ணி ஏறலைங்க, உங்க வீட்டுக்கு எப்படி வருது?' என்று தொடங்குங்கள். பல நேரங்களில் அவர்கள் வீட்டுக்கும் அழுத்தம் போதாமல்தான் மோட்டார் வைத்திருப்பார்கள். அப்போது பார்க்க வேண்டியது அந்தத் தெருவின் வால்வை. அது பாதிதான் திறந்திருக்கிறது என்று தெரியவந்தால், பலகையில் மோட்டாரைப் பற்றிய பத்தியை ஒட்டுவதற்கு முன் வால்வைச் சரிசெய்துவிடுங்கள்.